மகன் அடித்த பிள்ளையின் தாய்க்கு என்ன எழுதுவது?

வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றில் இருக்கிறோம். இன்று பின்னேரம் கீழே வாகனத் தரிப்பிடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். ஆட்டமிழந்துவிட்டாய் என்று சொன்ன கோபத்தில் என்னுடைய எட்டு வயது மகன் மட்டையைச் சுழற்றி, மூன்றாம் மாடியில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் அடித்துவிட்டான். அந்தப் பிள்ளைக்கு மேலுதட்டில் தையல், முன்பல் ஒன்று ஆடுகிறதாம். அவன்தான் முதலில் தள்ளினான் என்கிறான் மகன். அந்தத் தாய்க்கு அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “இன்று விளையாடும்போது உங்கள் மகனுக்கு அடிபட்டுவிட்டது. எங்களுக்கும் மிகவும் கவலையாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகள்தானே, வேண்டுமென்று செய்யவில்லை. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.” எழுத்தில் பிழையை ஒப்புக்கொண்டால் நாளைக்குப் பொலிஸில் சிக்கல் வரும் என்று கணவர் சொல்கிறார். இதையே அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். இரவு பிந்துவதற்கு முன்பாக வேறொரு செய்தியை அனுப்புங்கள். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியராக இருப்பதால் இவ்வகைச் செய்திகள் என் கைக்கு அடிக்கடி வந்து சேர்கின்றன. பெரும்பாலும் அவை அனுப்பப்பட்டு, இரண்டு குடும்பங்களும் பேச்சை நிறுத்திய பிறகுதான் வருகின்றன. உங்களுடைய வரைவில் பொய் எதுவும் இல்லை, கவலையும் உண்மையானதுதான். ஆனாலும் அந்த நான்கு வாக்கியங்களுக்குள் உங்கள் மகன் அடித்தான் என்ற செய்தி எங்கும் இல்லை.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். “அடிபட்டுவிட்டது” என்று எழுதும்போது அடித்தவர் யார் என்று சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. “கைதவறிவிட்டது”, “பட்டுவிட்டது”, “காயம் ஏற்பட்டுவிட்டது” என்பவையும் அப்படியே. மழை பெய்தது போல, தானாக நடந்த ஒன்றாக அவை சம்பவத்தைக் காட்டுகின்றன. வைத்தியசாலையில் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு தையல் போடுவதைப் பார்த்திருந்த தாய்க்கு, யார் அடித்தார் என்பது நன்றாகத் தெரியும். நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டால், உங்களுக்குத் தெரியவில்லை என்று அவர் நினைக்கப் போவதில்லை, மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். ஆகவே “என் மகன் அடித்தான்” என்று, செய்தவரைச் சொல்லித் தொடங்க வேண்டும்.

“எங்களுக்கும் மிகவும் கவலையாக இருக்கிறது” என்பதில் உள்ள அந்த ‘உம்’ தான் எனக்கு உறுத்துகிறது. அது உங்களையும் அவரையும் ஒரே நிலையில் வைத்துவிடுகிறது. இன்றிரவு இரண்டு வீட்டிலும் கவலை இருக்கிறது என்பது உண்மை, ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைதான் சோறு மெல்ல முடியாமல் கிடக்கிறது.

மூன்றாவது வாக்கியம் நேரடியான சாக்கு. “சின்னப் பிள்ளைகள்தானே” என்ற சொல்லை அந்தத் தாய் தானாகச் சொன்னால் அது பெருந்தன்மை. நீங்கள் சொன்னால் அவருடைய பெருந்தன்மையை நீங்களே எடுத்துக்கொண்டதாகிவிடும். “வேண்டுமென்று செய்யவில்லை” என்பதோ உங்களுக்கே உறுதியாகத் தெரியாத விடயம். கோபத்தில் மட்டையைச் சுழற்றிய எட்டு வயதுப் பிள்ளையின் மனதில் அந்த நொடியில் என்ன இருந்தது என்பது அவனுக்கும் தெளிவாகத் தெரிந்திருக்காது. வேண்டுமென்று செய்தான் என்றும் எழுத வேண்டாம், செய்யவில்லை என்றும் எழுத வேண்டாம். கோபப்பட்டான், சுழற்றினான், அடித்தான் என்பவைதாம் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கும் விடயங்கள், அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி வாக்கியம் காயப்பட்டவரிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறது. “மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்” என்றாலும் “மன்னித்துவிடுங்கள்” என்றாலும், அவர் உடனே ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி உண்டாகிறது. “மன்னிப்புக் கேட்கிறேன்” என்று எழுதினால் அது உங்களுடைய செயலாக மட்டும் நிற்கும், அவர் எப்போது எதைச் சொல்வது என்பது அவரிடமே இருக்கும். அமெரிக்காவின் ஒஹையோ அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோய் லெவிக்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் ஆறு கூறுகளைத் தனித்தனியே மக்களிடம் மதிப்பிடச் செய்தார்கள். பொறுப்பை ஏற்றுக்கொள்வதே எல்லாவற்றிலும் முக்கியமானதாகவும், அதற்கு அடுத்ததாகச் சேதத்தை ஈடுசெய்ய முன்வருவதும் வந்தன. மன்னிக்குமாறு வேண்டுவதுதான் கடைசியில் நின்றது. உங்கள் வரைவில் முதலிரண்டும் இல்லை, கடைசியானது இருக்கிறது.

மகன் சொல்லும் “அவன்தான் முதலில் தள்ளினான்” என்பதை இந்தச் செய்தியில் எந்த வடிவத்திலும் சேர்க்க வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தள்ளியதற்கும் மட்டையால் வாயில் அடித்ததற்கும் இடையிலுள்ள தூரம் பெரியது, அந்தத் தூரத்தைக் கடந்தவன் உங்கள் மகன்தான். “இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது” என்று மென்மையாகக் குறிப்பிட்டாலும், படிப்பவர் அந்த ஒரு வரியை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பார். பிள்ளைகளுக்குள் தள்ளுவது வழக்கமாகவே இருந்தால், காயம் ஆறிய பிறகு வேறொரு நாளில், வேறொரு பேச்சாக அதை எடுக்கலாம். மகனிடம் மட்டும் இன்றே, “அவன் தள்ளியதை நான் நம்புகிறேன், இருந்தாலும் நீ அடித்ததற்குத்தான் இப்போது மன்னிப்புக் கேட்கிறோம்” என்று சொல்லி வையுங்கள். இல்லையென்றால் அம்மா தன் பேச்சை எடுக்கவே இல்லை என்ற மனத்தாங்கல் அவனுக்கு வந்து, நாளைக்கு அந்தப் பிள்ளையின் மீதுதான் இறங்கும்.

இனி, நீங்கள் அனுப்பக்கூடிய செய்தியை முழுமையாக எழுதுகிறேன். “மகன்” என்று வரும் இடங்களில் பிள்ளைகளின் பெயர்களை இட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாக அவருடைய பிள்ளையின் பெயரை.

“வணக்கம். இன்று பின்னேரம் கீழே விளையாடும்போது, ஆட்டமிழந்ததாகச் சொன்னதற்குக் கோபப்பட்டு என் மகன் மட்டையைச் சுழற்றி உங்கள் மகனின் வாயில் அடித்தான். பிள்ளையின் உதடு கிழிந்ததும் பல் ஆடுவதும் அதனால்தான். மட்டையும் பந்துமாகப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் எங்களில் ஒருவர் நின்றிருக்க வேண்டும், நாங்கள் நிற்கவில்லை. இதற்கு நாங்கள் பொறுப்பு. உங்களிடமும் உங்கள் மகனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்றைய செலவும், இனிப் பல் வைத்தியரிடம் போக வேண்டிய ஒவ்வொரு முறைக்கும் ஆகும் செலவும், போக்குவரத்து உட்பட, எங்களுடையது. எவ்வளவு காலம் சென்று தெரியவந்தாலும் அப்படித்தான். போகும் நாளைச் சொன்னால் வாகனத்துக்கும் நாங்கள் ஒழுங்கு செய்வோம்.

இனிமேல் எங்களில் ஒருவர் கீழே நிற்கும் நேரத்தில் மட்டும்தான் அவன் விளையாட வருவான். உங்கள் மகனிடம் அவன் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்போது என்பதை நீங்களும் பிள்ளையும் சொல்லும்போது அழைத்து வருகிறேன். இதற்கு இப்போது பதில் எழுத வேண்டியதில்லை. இரவில் ஏதாவது தேவைப்பட்டால் எந்த நேரமும் அழையுங்கள்.”

இதில் “ஆனால்” என்ற சொல் ஒரு முறையும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அனுப்புவதற்கு முன் நீங்கள் ஏதாவது சேர்த்தால், அந்தச் சொல்லோ “இருந்தாலும்” என்பதோ நுழைந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள். நுழைந்திருந்தால் அதற்குப் பின்னால் நிற்பது சாக்காகத்தான் இருக்கும். நாங்கள் கீழே நிற்கவில்லை என்ற வாக்கியத்துக்குப் பின்னால் ஏன் நிற்கவில்லை என்ற காரணமும் வேண்டாம். சமையல் வேலை இருந்தது, கணவர் அலுவலகத்திலிருந்து வரவில்லை என்பவையெல்லாம் உங்கள் வீட்டு நியாயங்கள். மேற்பார்வைக் குறையை மகனின் குற்றத்திலிருந்து பிரித்து உங்கள் பெயரில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எட்டு வயதுப் பிள்ளையின் மீது முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டுப் பெற்றோர் ஒதுங்கி நின்றால், அதுவும் ஒரு வகைச் சாக்குத்தான்.

பல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செய்தியில் நீங்கள் கொடுக்கும் வாக்குறுதியின் அளவு அதிலேதான் தங்கியிருக்கிறது. மேல் முன்பற்கள் பொதுவாக ஏழு அல்லது எட்டு வயதில் நிரந்தரப் பற்களாக முளைக்கின்றன. ஆகவே ஆடுகிற பல் பால்பல்லா நிரந்தரப் பல்லா என்பது பார்த்த வைத்தியருக்குத்தான் தெரியும். “பால்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால்பல்லாக இருந்தாலும், அதற்கு மேலே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லை அந்த அடி பாதித்திருக்கலாம். நிரந்தரப் பல்லாக இருந்தால், இந்த வயதில் அதன் வேர் இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது; அடிபட்ட பல்லின் உள்ளே இருக்கும் உயிர்த்திசு பாதிக்கப்பட்டு, வாரங்களோ மாதங்களோ சென்ற பிறகு பல்லின் நிறம் சாம்பலாக மாறுவதும் உண்டு. அதனால்தான் பல் வைத்தியர்கள் அடிபட்ட பல்லை ஒரு தடவை பார்ப்பதோடு விடாமல், ஒரு வருடமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் வரச் சொல்கிறார்கள். “எவ்வளவு காலம் சென்று தெரியவந்தாலும்” என்ற வரி அதற்காக எழுதப்பட்டது. இன்றைய பற்றுச்சீட்டுக்கு மட்டும் பணம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டால், ஆறு மாதம் கழித்துப் பல் கறுக்கும்போது அந்தத் தாய் உங்களிடம் வந்து கேட்கக் கூச்சப்படுவார், கேட்காமலே மனதில் வைத்திருப்பார்.

பொரளையில் உள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ வேறொரு அரச வைத்தியசாலைக்கோ அவர்கள் போயிருந்தால் சிகிச்சைக்குக் கட்டணம் இருந்திருக்காது. அப்போது “வைத்தியச் செலவைத் தருகிறோம்” என்று மட்டும் எழுதினால் அது பெறுமதியற்ற வாக்காகிவிடும். போய் வந்த முச்சக்கரவண்டி, வெளியில் வாங்கிய மருந்து, தனியார் பல் வைத்தியர், தாயோ தகப்பனோ எடுத்த விடுமுறை என்று உண்மையான செலவு வேறிடங்களில் இருக்கிறது. உங்களால் முழுவதையும் தாங்க முடியாத நிலை என்றால், முடிந்ததை மட்டும் தெளிவாக எழுதுங்கள். பெரிதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்குவது எழுதாமலே விட்டதைவிட மோசமாக முடியும். எங்கள் ஆட்கள் பணப் பேச்சு வந்தவுடன் “ஐயோ, அதெல்லாம் வேண்டாம்” என்று சொல்வது வழக்கம். அந்த மறுப்பை ஒரு தடவை ஏற்று, பல் வைத்தியரைப் பார்க்கும் நாள் வரும்போது வாகனத்தை வாசலில் கொண்டுபோய் நிறுத்துங்கள். உறைக்குள் காசு வைத்துக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது வாயை மூடுவதற்குக் கொடுத்தது போலத் தோன்றும்.

நான் வேண்டுமென்றே விட்ட ஒரு வரியும் உண்டு. “அவனுக்கு நன்றாக அடி கொடுத்தேன், அழுதுகொண்டே இருக்கிறான்” என்று சேர்க்கும்படி வீட்டில் யாராவது சொல்லக்கூடும். நம்மிடையே அது பொறுப்புணர்வின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது அந்தத் தாயை, உங்கள் பிள்ளைக்காக இரங்க வேண்டிய இடத்துக்குத் தள்ளுகிறது. “சிறு பிள்ளையை ஏன் அடித்தீர்கள்” என்று அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அடித்ததற்காக அடிவாங்கிய பிள்ளை அதிலிருந்து என்ன கற்கும் என்பது வேறு கேள்வி.

கணவரின் பயத்துக்கு வருகிறேன். இலங்கையில் 2018 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. அதற்கு முன்பு அந்த எல்லை 8 வயதாக இருந்தது, பலரின் நினைவில் இன்னும் அதுவே நிற்கிறது. ஆகவே உங்கள் மகன் மீது குற்ற வழக்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. யாரும் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம், நட்டஈடு கேட்கலாம், அது வேறு. காயம் மிகவும் பாரதூரமாக இருந்தால் அல்லது மற்றத் தரப்பு ஏற்கெனவே சட்டத்தரணியை நாடியிருந்தால் நீங்களும் ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுவதே சரி. ஒரு தையலும் ஆடுகிற பல்லும் உள்ள இந்த விடயத்தில், பலர் பார்த்திருக்க நடந்ததை எழுத்தில் ஒத்துக்கொள்வதால் புதிதாக எதுவும் வெளிவரப்போவதில்லை. மழுப்புவதுதான் ஆபத்து. ஜெனிபர் ரொபென்னோல்ட் என்ற சட்டப் பேராசிரியர் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மிதிவண்டி மோதிக் காயப்பட்டவரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கும்படி பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. பொறுப்பை முழுதாக ஏற்ற மன்னிப்பைப் பெற்றவர்களே சமரசத்துக்கு அதிகமாகச் சம்மதித்தார்கள். அனுதாபம் மட்டும் தெரிவிக்கப்பட்டபோது, எதுவுமே சொல்லப்படாதவர்களைவிடக் குறைவானவர்களே சம்மதித்தார்கள்.

அனுப்பும் முறையில் சில விடயங்கள் உண்டு. தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அங்கே போட்டால் மற்ற வீட்டார் “பரவாயில்லை, பிள்ளைகள்தானே” என்று அந்தத் தாய்க்குப் பதிலாக மன்னித்துவிடுவார்கள். அவருடைய தனி இலக்கத்துக்கே அனுப்புங்கள். குரல்பதிவும் வேண்டாம், அழுகை கலந்த குரலைக் கேட்பது இன்றிரவு அவருக்கு இன்னொரு சுமை. வழக்கமாக “அக்கா” என்று அழைப்பவராக இருந்தால் “அக்கா” என்றே தொடங்குங்கள். இதுவரை அப்படி அழைத்திராவிட்டால் இன்றைக்குப் புதிதாக உறவு கொண்டாட வேண்டாம். அப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு சொல்லாமல் வாசலில் போய் நிற்பதும் நல்ல எண்ணத்தில் செய்யப்படும் பிழைதான். வந்தவருக்குத் தேநீர் ஊற்ற வேண்டும், முகம் கொடுக்க வேண்டும், வீங்கிய உதட்டோடு பிள்ளை வந்து நிற்க வேண்டும். கேட்டுவிட்டு, நாளைக்கோ மறுநாளோ போகலாம். போகும்போது எடுத்துச் செல்வது மெல்லாமல் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்.

நீல அடையாளம் விழுந்து பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி எழுதிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாட்கள் கழித்து, “பல் வைத்தியர் என்ன சொன்னார்? போகும் நாளைச் சொல்லுங்கள், கணவர் வாகனத்தோடு வருவார்” என்ற அளவில் ஒன்று போதும். கோபமாகப் பதில் வந்து, உங்கள் வளர்ப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை அதில் இருந்தால், “நீங்கள் கோபப்படுவது நியாயம். நான் எழுதியவற்றில் மாற்றமில்லை” என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துங்கள். அதில் அவர் உண்மையல்லாத ஒன்றைச் சொல்லியிருந்தாலும் இன்றைக்குத் திருத்த வேண்டாம். “பரவாயில்லை” என்று ஒரு சொல்லில் பதில் வந்தால்தான் பலர் தவறிழைக்கிறார்கள்: நிம்மதிப் பெருமூச்சோடு “மிக்க நன்றி, நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று தெரியும்” என்று எழுதி, விடயத்தை அத்தோடு மூடிவிடுகிறார்கள். நீங்கள் “நன்றி. பல் வைத்தியரைப் பார்க்கும் நாளைச் சொல்லுங்கள்” என்று மட்டும் எழுதுங்கள், அந்த நாளைக் கைபேசி நாட்காட்டியில் குறித்தும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கும் அப்படியே செய்யுங்கள்.